சங்கத்து லேப்டாப்

என் லேப்டாப்பைப் பார்ப்பதற்கு நான் செக்ரட்டரியிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். என் கடைசிச் சம்பளத்தில் நானே வாங்கிய லேப்டாப், என் பெயரில் பில் இருக்கிற லேப்டாப், முடிச்சூரில் எங்கள் அபார்ட்மெண்டின் அசோசியேஷன் ரூமில் எட்டு மாதமாகக் குடியிருந்தது. அதற்குத் தனி மேஜை. 2015 வெள்ளத்தை மனதில் வைத்து மேஜையின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரண்டு செங்கல். தனி யூபிஎஸ். தூசு படாமலிருக்க மேலே சிவப்பு வெல்வெட் துணி. துணி போட்டால் சூடாகும் என்று சொன்னேன். அதற்காக ஒரு டேபிள் ஃபேன் வாங்கிப் பகலும் இரவும் ஓட விட்டார்கள். வாட்ச்மேன் துலுக்காணம் தனக்கு ஒரு ஃபேன் கேட்டபோது, நிலைமை சரியில்லை, பார்க்கலாம் என்று சொன்ன அதே சங்கம்தான்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "துணியை விலக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, செயலாளர்." அதற்குக் கீழே ஒரு ஆணியில் ரெஜிஸ்டர் தொங்கும். துலுக்காணம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்து, "லேப்டாப் ஓடுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி நிறைந்த ரெஜிஸ்டர் இரண்டு, மேஜை டிராயரில் இருந்தன.

இத்தனை மரியாதைக்கு அந்த லேப்டாப் செய்த வேலை என்ன என்று கேட்டால், ஒரு நாளைக்கு இருபது விநாடி வேலை. காலை ஐந்தரைக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். மிச்ச நேரமெல்லாம் சும்மா விழித்துக்கொண்டிருக்கும்.

அந்த மெசேஜின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக் குழாயில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள், நாற்பது நிமிடம். முதலில் வருவது செம்மண் நிறத்தில் இருக்கும். அது தெளிந்த பிறகு வால்வைத் திறந்து தரைக்குக் கீழே இருக்கிற சம்ப்புக்குள் விட வேண்டும். ஒரு ஆள் நின்று செய்கிற வேலை. வாட்ச்மேன் செய்யலாமே என்று தோன்றும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு ஏ பிளாக்காரர்கள், வாட்ச்மேன் பி பிளாக்குக்குச் சாதகமாகத் திறக்கிறான் என்றார்கள். இரண்டு பிளாக்குக்கும் ஒரே சம்ப்தான். அதில் எப்படிச் சாதகமாகத் திறப்பது என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை. ஆனால் தீர்மானம் போட்டாகிவிட்டது. வீட்டுக்காரர்களே முறை வைத்துத் திறக்க வேண்டும். இருபத்து நான்கு வீடு, வால்வுப் பூட்டுக்கு ஒரே சாவி. இன்று திறந்தவர் மாலைக்குள் அடுத்த வீட்டில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள், எல்லாரும் மறந்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் லாரித் தண்ணீர். அப்போது நான் குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. முறைப் பட்டியலைப் படித்து, இன்றைய தேதிக்கு எந்த வீடு என்று பார்த்து, டெலிகிராம் குரூப்பில் "இன்று வால்வு: இன்னார்" என்று போடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். முப்பது வரி. தினமும் ஐந்தரைக்கு ஓடும்படி லேப்டாப்பில் நேரம் குறித்து வைத்தேன். அந்த முப்பது வரிதான் எனக்கு வினையாக வந்தது.

லேப்டாப் அணைந்திருந்தால் ஸ்கிரிப்ட் ஓடாது. என் கணவர் பிரிட்டோ ஒருநாள் பழக்க தோஷத்தில் அதை அணைத்துவிட்டார். மறுநாள் மெசேஜ் இல்லை, தண்ணீர் இல்லை. அன்று மாலையே அவசரக் கூட்டம். லேப்டாப்பைத் தனியார் வீட்டில் வைத்திருப்பது பாதுகாப்பல்ல, தற்காலிகமாகச் சங்க அறையில் வைக்கலாம் என்று முடிவானது. செக்ரட்டரி ரத்தினம் சார் ஏதோ ஒரு அரசுத் துறையில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயில் தற்காலிகம் என்ற சொல் வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு மெயில் வந்தது. சிறுசேரியில் ஒரு கம்பெனி. நான்கு வருட இடைவெளியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்ட முதல் கம்பெனி அது. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைன் தேர்வு. அவர்கள் சொல்கிற சாஃப்ட்வேரை ஏற்றிய, கேமரா உள்ள லேப்டாப்பில்தான் எழுத முடியும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிரிட்டோவிடம் இருப்பது ஆபீஸ் லேப்டாப், அதில் வெளியார் சாஃப்ட்வேர் எதையும் ஏற்ற விடாது. எனக்கு என் லேப்டாப் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்தில் கேட்டேன்.

"உங்க சிரமம் புரியுது ஜான்சிம்மா," என்றார் ரத்தினம் சார். "ஆனா அது இருபத்து நாலு குடும்பத்தோட குடிநீர் சம்பந்தப்பட்ட பொருள். ஒரு நபரோட சொந்த உபயோகத்துக்குக் கொடுக்க ரூல் இல்ல."

"சார், அது என் லேப்டாப்."

"யாரும் மறுக்கலையே. ஓனர்ஷிப் வேற, கஸ்டடி வேற."

ஏ-6 ஞானாம்பாள் மாமி பொருளாளர். வாஞ்சையோடு, "வேற ஒண்ணு வாங்கிக்கோயேன்மா," என்றார். வாங்க முடிந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்து கெஞ்சப் போகிறேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழுதால் ரத்தினம் சார் அதையும் மினிட்ஸில் எழுதுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

"லேப்டாப்பே தேவையில்ல சார்," என்றேன். "இதை கிளவுட்ல ஓட வெக்கலாம். ஸ்கிரிப்டை ஆன்லைன்ல ஒரு இடத்துல போட்டு, எத்தனை மணிக்கு ஓடணும்னு ஒரு வரி எழுதி வெச்சா போதும். அந்த நேரத்துக்கு அவங்களோட ஏதோ ஒரு மெஷின் எழுந்து, ஸ்கிரிப்டை ஓட்டிட்டு, போயிடும். நம்ம வீட்ல எதுவும் ஆன்ல இருக்க வேண்டியதில்ல. மாசம் ரெண்டாயிரம் நிமிஷம் ஃப்ரீ. நமக்கு ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம், மாசத்துக்கு முப்பது நிமிஷம்தான் ஆகும்."

ஃபேன் என் லேப்டாப்புக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"ஃப்ரீன்னா ஏன் ஃப்ரீ?" என்றார் மாமி.

"அந்த மெஷின் எந்த ஊர்ல இருக்கு?" என்றார் ரத்தினம் சார்.

"தெரியாது சார். தெரிய வேண்டியதில்ல."

"அங்க யார் வாட்ச்மேன்?"

ஆனாலும் ரத்தினம் சார் நியாயமானவர் என்று தன்னைப் பற்றி ஒரு எண்ணம் வைத்திருந்தார். மூன்று நாள் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். லேப்டாப்பும் ஓடும், கிளவுடும் ஓடும், இரண்டு மெசேஜும் வர வேண்டும். ரெஜிஸ்டரில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு பத்தி போட்டார். "கிளவுட் பார்வையிடப்பட்டது." அதிலும் துலுக்காணம் கையெழுத்துப் போட வேண்டும்.

"அக்கா, இதுல நான் இன்னாத்த பாக்குறது?" என்று துலுக்காணம் வெளியே வந்து என்னைக் கேட்டான்.

"உங்க போன்ல மெசேஜ் வந்தா கையெழுத்து போடுங்க அண்ணா."

"அப்ப நைட்டெல்லாம் போடணும்னு கீதே, அதுக்கு?"

"போட்டுடுங்க."

"சரி வுடு. லேப்டாப்புக்கும் அப்டித்தான் போட்டுகினு கீறேன்," என்றான்.

அன்று மதியம் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிரிட்டோவின் லேப்டாப்பில் எதையும் ஏற்ற முடியாதே தவிர, பிரவுசர் வேலை செய்தது. ஸ்கிரிப்டின் நகல் மெயிலில் இருந்தது. எங்கள் பெயர், வீட்டு எண் எல்லாம் இருப்பதால் பிறர் பார்க்க முடியாத தனிக் கணக்கில் போட்டேன். குரூப்புக்கு அனுப்புவதற்கான ரகசிய எண்ணை ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல், அதற்கென்றே இருக்கிற பெட்டகத்தில் வைத்தேன். கடைசியாக நேரம். கிளவுட்காரர்களின் கடிகாரம் உலக நேரத்தில் ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் காலை ஐந்தரை என்றால் அங்கே சரியாக நள்ளிரவு பன்னிரண்டு. சைபர், சைபர் என்று எழுதினேன். எவ்வளவு அழகாக அமைந்தது என்று எனக்கு ஒரே பெருமை.

திங்கட்கிழமை லேப்டாப்பின் மெசேஜ் ஐந்தரைக்கு வந்தது. கிளவுட் மெசேஜ் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை ஆறு எட்டு. புதன்கிழமை ஐந்து நாற்பத்தெட்டு. ரத்தினம் சார் மூன்றையும் சிவப்பு மையில் எழுதி வைத்தார். "ஆறு மணிக்குத் தண்ணி வருது. ஆறு எட்டுக்கு மெசேஜ் வந்தா அது நினைவூட்டல் இல்லம்மா, இரங்கல் செய்தி."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. உட்கார்ந்து அந்தச் சேவையின் விதிமுறைகளைப் படித்தேன். குறித்த நேரத்துக்கே ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது, கூட்டம் அதிகமிருந்தால் தாமதமாகும், முக்கியமாக மணி தொடங்குகிற நிமிடத்தில் கூட்டம் அதிகம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் என்னைப் போலவே சைபர், சைபர் என்று எழுதிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இலவசப் பந்தியில் முதல் வரிசைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் என்ன ஆகும், அதுதான் ஆயிற்று.

சரி, யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு நிமிடத்துக்கு மாற்றுவோம், முன்கூட்டியும் வைப்போம் என்று முடிவு செய்தேன். நம் காலை நான்கு நாற்பத்தேழு. அங்கே முந்தைய இரவு இருபத்து மூன்று பதினேழு. ஒரு மணி நேரம் தாமதமானாலும் ஆறு மணிக்குள் வந்துவிடும். மாற்றிவிட்டு, உடனே ஓட்டிப் பார்க்கிற பட்டனை அமுக்கினேன். அப்போது மதியம் மூன்று மணி. "இன்று வால்வு: ஏ-6 ஞானாம்பாள்" என்று வந்தது. புதன்கிழமை மாமியின் முறைதான். எல்லாம் சரி.

மாலை ரத்தினம் சாரிடம் போய் நானே வாயைக் கொடுத்தேன்.

"சார், இன்னிக்கு நைட் லேப்டாப்பை ஆஃப் பண்ணிடுங்க. நாளைக்கு கிளவுட் மட்டும். சரியா வந்துச்சுன்னா லேப்டாப்பை நான் எடுத்துக்கறேன்."

"வரலைன்னா?"

"வரும் சார்."

அவர் ரெஜிஸ்டரைத் திறந்து, நான் சொன்னதை அப்படியே எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். துணியை விலக்கி நானே லேப்டாப்பை அணைத்தேன். கைக்குப் பழகிய சாமான். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை நான்கு ஐம்பத்தொன்றுக்கு மெசேஜ் வந்தது. போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்த நான் சிரித்துக்கொண்டே திறந்தேன். "இன்று வால்வு: ஏ-6 ஞானாம்பாள்."

மாமி நேற்றே திறந்துவிட்டார். இன்று ஏ-7. ஏ-7 என்றால் ரத்தினம் சார்.

பிறகு புரிந்தது, புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்கிரிப்ட், இன்று என்ன தேதி என்று அது ஓடுகிற மெஷினைத்தான் கேட்கும். என் லேப்டாப் முடிச்சூர்த் தேதியைச் சொல்லும். கிளவுட் மெஷினுக்கு நம் காலை ஐந்தரை வரைக்கும் நேற்றைய தேதிதான். சைபர் சைபரில் ஓடியபோது அங்கேயும் தேதி மாறியிருந்தது. மதியம் மூன்று மணிக்கு நான் ஓட்டிப் பார்த்தபோதும் இரண்டு இடத்திலும் ஒரே தேதி. அதனால்தான் எங்கேயும் தெரியவில்லை. நானே நேரத்தை முன்னால் தள்ளி, நானே குழியில் விழுந்திருக்கிறேன்.

உடனே குரூப்பில் "மன்னிக்கவும், இன்று ஏ-7" என்று போட்டேன். ரத்தினம் சாருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஆறு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினால் துலுக்காணம் ஏ-7 வாசலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"பெல் அட்ச்சேன்க்கா. சாரே வந்து கதவ தொறந்தாரு. இன்னிக்கு நீங்கதான் சார், சாவி கூட நேத்து மாமி உங்க கைல குடுத்தத நான் பாத்தேன்னு சொன்னேன். மெசேஜ்ல என் பேரு வரலியேப்பான்றாரு."

"நான்தான் குரூப்ல போட்டிருக்கேனே."

"அத்தயும் சொன்னேன். அது ஜான்சி போட்டது, சிஸ்டம் போட்டது இல்லன்னு கதவ சாத்திக்கினாரு."

ஓடிப் போய் பெல் அடித்தேன். சார் குளித்துக்கொண்டிருப்பதாக உள்ளேயிருந்து குரல் வந்தது. ஏ-6இல் மாமி கதவைத் திறக்கும்போதே கண்கலங்கியிருந்தார். "நேத்துதானேம்மா தொறந்தேன். ரெண்டு நாள் தொடர்ச்சியா என் பேரைப் போடறதுன்னா, இது பி பிளாக்கோட வேலையா?" சாவி ஏ-7இல் டீப்பாய் மேல் கிடந்தது. தெருக் குழாயில் தண்ணீர் வந்தது, செம்மண் போய்த் தெளிந்தது, ஆறு நாற்பதுக்கு நின்றது. சம்ப்புக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை.

முறைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் அவர். சாவி அவர் வீட்டில். வாட்ச்மேன் வந்து சொல்கிறான், நான் எழுதுகிறேன். ஆனால் சிஸ்டம் சொல்லவில்லை. நினைவூட்டுவதற்காக நான் எழுதிய முப்பது வரி எட்டு மாதத்தில் அரசாணையாகிவிட்டதை அன்றுதான் கண்டேன்.

பத்து மணிக்கு லாரி வந்தது. பதினொன்றுக்குக் கூட்டம். நான் என் தவறை மறைக்கவில்லை. இன்ன தவறு, இன்ன காரணம், ஒரே வரியில் சரியாகிவிடும் என்று சொன்னேன். தேதி கேட்கும்போது இந்திய நேரப்படி சொல் என்று எழுத வேண்டியதுதான். யாரும் கேட்கவில்லை. கிளவுட் யோசனை நிராகரிக்கப்படுகிறது, லேப்டாப் நிரந்தரமாகச் சங்க அறையிலேயே இயங்கும் என்று தீர்மானம் வாசித்தார்கள். ரத்தினம் சாரே துணியை விலக்கி, பவர் பட்டனை அமுக்கினார். விளக்கு எரிந்ததும் மூடியைச் சாத்தித் துணியைப் போர்த்தினார். மாமி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். நாளை மறுநாள் சனிக்கிழமை.

வீட்டுக்கு வந்து அழுதேன். பிரிட்டோ, "விடு, வேற கம்பெனி கூப்பிடுவாங்க," என்றார். நான்கு வருடத்தில் எத்தனை கம்பெனி கூப்பிட்டது என்று கேட்டேன். அவர் எழுந்து காபி போடப் போனார். நான் அழுதபடியே அந்த ஒரு வரியைத் திருத்தி வைத்தேன். கிளவுடை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாருக்கும் தோன்றவுமில்லை, தீர்மானத்தில் நிராகரித்தாலே அது நின்றுவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு நாற்பத்தொன்பதுக்கு மெசேஜ். "இன்று வால்வு: ஏ-8 சுகுமார்." சரியான பெயர். சுகுமார் போய்த் திறந்தார், சம்ப் நிறைந்தது. ஐந்தரைக்குப் போனைப் பார்த்தேன். லேப்டாப்பிலிருந்து எதுவும் வரவில்லை. ஆறு மணிக்கும் இல்லை. ஒரே ஒரு மெசேஜ்தான்.

ஏன் என்று யோசிக்கத் தேவையே இல்லை. லேப்டாப்பை ஆன் செய்தால் முதலில் பாஸ்வேர்ட் கேட்கும். நான் உள்ளே நுழைந்திருந்தால் மட்டுமே ஓடும்படிதான் அந்த ஸ்கிரிப்டுக்கு நேரம் குறித்திருந்தேன். பாஸ்வேர்ட் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ரத்தினம் சார் பட்டனை அமுக்கியதிலிருந்து அது வாசலிலேயே நின்று பாஸ்வேர்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

குரூப்பில் ரத்தினம் சார் எழுதியிருந்தார்: "லேப்டாப் மீண்டும் பொறுப்பேற்றவுடன் ஒழுங்கு திரும்பியுள்ளது. மேலும், வழக்கத்தைவிட நாற்பது நிமிடம் முன்னதாகவே தகவல் வந்திருப்பது பாராட்டுக்குரியது."

போன் செய்தேன்.

"சார், அது லேப்டாப் அனுப்பினது இல்ல. கிளவுட் அனுப்பினது. லேப்டாப் லாகின் ஆகாம நிக்குது."

"லைட் எரியுதேம்மா. நானே காலைல போய் பார்த்தேன்."

"லைட் எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தமில்ல சார்."

"ஓடலைன்னா எப்படிம்மா மெசேஜ் வரும்?" என்று கேட்டுவிட்டு, பூஜை நேரம் என்று வைத்துவிட்டார்.

அதோடு எனக்கு வெறுத்துப்போனது. இதுவரை நான் நிரூபித்துக் கொடுத்தால் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி எதை நிரூபிப்பது. மாலை ஐந்து மணிக்கு, துலுக்காணம் ரூமைப் பெருக்குகிற நேரத்தில் கீழே போனேன்.

"அண்ணா, என் லேப்டாப்பை எடுத்துட்டுப் போகப் போறேன்."

அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "தண்ணி?"

"அது வேற இடத்துலேர்ந்து வருது. இன்னிக்கு வந்த மெசேஜே அப்படி வந்ததுதான்."

"நெசமா?"

"நெசமா."

"அப்ப எடுத்துனு போக்கா. உன் பொருளு, உனுக்கு இல்லாத ரைட்டா." பிறகு கொஞ்சம் யோசித்தான். "துணி மட்டும் தட்டையா வுழுந்துரக் கூடாது."

டிராயரைத் திறந்து அவனே அந்த இரண்டு பழைய ரெஜிஸ்டரையும் எடுத்தான். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் துணியைப் போர்த்தினோம். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. யூபிஎஸ் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. லேப்டாப்பைக் குழந்தையின் டவலில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது, சொந்தப் பொருளைத் திருடுகிறோமே என்று சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு கோபமும் வந்தது, அது இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை காலை நான்கு ஐம்பதுக்கு மெசேஜ் வந்தது, ஆறு மணிக்கு வால்வு திறந்தது, பத்து மணிக்கு நான் தேர்வு எழுதினேன். நன்றாகவே எழுதினேன். மூன்று மணி நேரம் என் விரல்கள் என் கீபோர்டின் மேல் இருந்தன, அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் விளக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். துலுக்காணத்தை மாட்டிவிட்டு நான் ஒளிந்துகொள்ள மாட்டேன். ஆனால் நான் எழுவதற்குள் ரத்தினம் சார் லேப்டாப்பின் சேவையைப் பாராட்டி ஒரு பக்கம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் குறையில்லாமல் இயங்கியதாம். இடையில் வந்த வெளிச் சக்திகள் அதை ஒன்றும் செய்ய முடியவில்லையாம். வெளிச் சக்தி என்றது என்னை. நான் எழுந்து போய்த் துணியை உருவினேன்.

மாமி மட்டும் "அய்யோ" என்றார். மற்றவர்கள் ரெஜிஸ்டர்களைப் பார்த்தார்கள். ரத்தினம் சார் மேலே இருந்த ரெஜிஸ்டரைத் திறந்து, அதற்குள் லேப்டாப் இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"நேத்து முழுக்க லேப்டாப் ஓடுகிறதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே. என்னத்தப் பார்த்துப் போட்ட?"

"துணியத்தான் சார் பாத்தேன். துணிய வெலக்கக் கூடாதுன்னு நீங்கதான எயுதி ஒட்டிக்கீறீங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் வெள்ளிக்கிழமையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன். லேப்டாப் என் வீட்டில் இருக்கிறது, நேற்று இரவு அணைத்துத்தான் வைத்திருந்தேன், இன்று காலையும் மெசேஜ் வந்திருக்கிறது, போனைப் பாருங்கள் என்றேன். எல்லாரும் போனைப் பார்த்தார்கள். சுகுமார்தான் முதலில், "அப்ப கிளவுடே போதுமே சார்," என்றார். ஒருவர் பின் ஒருவராகத் தலையாட்டினார்கள். ரத்தினம் சார் ரெஜிஸ்டரை மெல்ல மூடி வைத்தார். பாவமாகக்கூட இருந்தது.

"சரி," என்றார் கடைசியில். "லேப்டாப்பை உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கலாம்னு தீர்மானிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்ல." பேனாவைத் திறந்தார். "நீங்க அதைக் கொண்டுவந்து இங்க வைங்கம்மா. சரிபார்த்துட்டு, அடுத்த கூட்டத்துல முறைப்படி உங்ககிட்ட கொடுத்துடறோம்."

"எதுக்கு சார்? அதுதான் என்கிட்ட இருக்கே."

"உங்ககிட்ட இருக்கு. ஆனா நாங்க கொடுக்கலையே. எங்ககிட்ட இருந்தாத்தானே கொடுக்க முடியும்?"

அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சுகுமார்கூட அதில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிட வேலைதானேம்மா என்றார் மாமி. எட்டு மாதத்துக்கு முன்பு தற்காலிகம் என்று சொன்னபோதும் இதே முகங்கள்தான் இருந்தன. நான் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"கொண்டுவர மாட்டேன் சார்," என்றேன். "நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்கங்க."

அவர் எழுதினார். செவ்வாய்க்கிழமை சிறுசேரியிலிருந்து அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்தது, மாதக் கடைசியில் வேலையும் கிடைத்தது. மெசேஜ் தினமும் நான்கு ஐம்பதையொட்டி வந்துகொண்டிருக்கிறது. சங்கத்துச் சாமான் பட்டியலில், டேபிள் ஃபேனுக்கும் யூபிஎஸ்ஸுக்கும் நடுவில், "லேப்டாப் ஒன்று: காணவில்லை" என்று இருக்கிறதாம். இருக்கட்டும். காணாமல் போன அந்த லேப்டாப்பைத் தினமும் ராத்திரி அணைத்து, அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்குகிறேன்.